அட, 2772!

அண்ணி வாட்ஸாப்பில் அனுப்பியிருந்த படம் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகளின் கணக்கு ஒர்க்‌ஷீட். ட்யூப்லைட்டுக்குக் கீழே தாளை வைத்து, போனைப் பிடித்த கையின் நிழல் குறுக்கே விழும்படி எடுத்திருந்தார்கள். நிழல் விழுந்த இடமோ கணக்கின் நட்டநடு. 2, அடுத்து 7, அப்புறம் ஒரு கறுப்புத் திட்டு, கடைசியில் 2. நான்கு இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கத்தைக் காணவில்லை. எண்ணுக்குக் கீழே ஓர் அட்டவணை: 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 11 ஆகியவற்றில் எவற்றால் இந்த எண் மீதியின்றி வகுபடும்? பாப்பா பென்சிலால் டிக் போட்டிருந்தாள். அதற்கும் கீழே, 'காரணிச் செடி வரைக' என்று ஒரு வரியும், அவள் பாதி வரைந்து அழித்த கோடுகளும்.

'இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்க அண்ணி' என்று தட்டப் போனவன் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் கண் அந்த டிக்குகளின் மேல் போய்விட்டது. 2, 3, 4, 6, 9, 11 ஆகியவற்றுக்கு டிக். 5, 8, 10 காலி. அடடா, காணாமல் போன இலக்கத்தை எனக்குச் சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்! எனக்குக் கணக்கு பொழுதுபோக்கு மட்டும்தான், தொழில் வேறு. ஆனாலும் அன்று ராத்திரி முழுக்க அந்தத் தாளைவிட்டு நகர முடியவில்லை. அதில் இருந்தது அத்தனையும் ருசி.

முதலில் 9-இன் டிக்கை எடுத்துக்கொண்டேன். 9-ஆல் வகுபட வேண்டுமானால் இலக்கங்களின் கூடுதல் 9-ஆல் வகுபட வேண்டும். தெரிந்த மூன்று இலக்கங்களைக் கூட்டினால் 2 + 7 + 2 = 11. அதற்கு அடுத்த ஒன்பதின் மடங்கு 18. ஆக விட்டுப்போனது 7. அதற்கும் அடுத்த மடங்கான 27-ஐ எட்ட 16 வேண்டும், ஒற்றை இலக்கத்தில் அது நடக்காது. விடை ஒன்றுதான்: 7.

ஆனால் டிக் போட்டவள் பத்து வயதுப் பெண். அவளே தப்பாகப் போட்டிருந்தால்? அதனால் 11-ஐச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். 11-இன் சோதனையில் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்க வேண்டும். 2 − 7 + ? − 2. சுருக்கினால் ? − 7. இது பூஜ்யமாகவோ 11-இன் மடங்காகவோ வர வேண்டும். ஒற்றை இலக்கத்தில் 7 ஒன்றுதான் பொருந்தும். இரண்டு சாட்சிகள், தனித்தனியாக விசாரித்தும் ஒரே பதில்! 4-இன் டிக்கையும் விடவில்லை. கடைசி இரண்டு இலக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும் என்றால் 12, 32, 52, 72, 92 என்ற ஐந்தில் ஒன்று. 72 அதில் இருக்கிறது. எண் 2772. சந்தேகமே இல்லை.

இந்த வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 9-இன் சோதனை சில இடங்களில் கையை விரித்துவிடும். எண் 3?69 என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த இலக்கங்களின் கூடுதல் ஏற்கெனவே 18. காணாமல் போனது 0-ஆகவும் இருக்கலாம், 9-ஆகவும் இருக்கலாம். 9-க்கு இந்த இரண்டும் ஒன்றுதான், பிரித்துச் சொல்லத் தெரியாது. 11 அப்படியில்லை. 3 − ? + 6 − 9 என்றால் மிஞ்சுவது − ? மட்டும், அது பூஜ்யமாக வேண்டுமானால் இலக்கம் 0. எண் 3069, பதினொன்று ஒன்பது இரண்டாலும் வகுபடும். ஓர் இலக்கம் தொலைந்தால் 11 ஒருபோதும் இரண்டு விடை தராது. சில வேளை '10 வேண்டும்' என்று கேட்கும். பத்து என்று ஓர் இலக்கம் கிடையாது என்பதால், அப்போது டிக்கே தவறு என்று தெரிந்துகொள்ளலாம். எவ்வளவு கறாரான ஆள் பாருங்கள்!

இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று மனப்பாடம் செய்துவிட்டோம், சரி. ஏன் போதும்? இதைத்தான் பாப்பா போனில் கேட்டாள். "சித்தப்பா, 2 எல்லாத்துக்கும் முன்னாடி நிக்குது, அது ரெண்டாயிரம் இல்ல? அதைப் போய் வெறும் 2-ன்னு கூட்டுறோமே, தப்பில்லையா?"

அந்தக் கேள்விக்கே ஒரு பெரிய ஐஸ்கிரீம் வாங்கித் தரலாம். நான் ரூபாய் நோட்டுகளை எடுத்தேன். 2772 ரூபாயை 9 பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். கையில் இரண்டு ஆயிரம் ரூபாய் நோட்டு, ஏழு நூறு, ஏழு பத்து, இரண்டு ஒரு ரூபாய். (ஆயிரம் ரூபாய் நோட்டு 2016-லேயே போய்ச் சேர்ந்துவிட்டது. கணக்குக்காக உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.) ஒரு பத்து ரூபாயை 9 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1, மிச்சம் 1. ஒரு நூறைப் பிரித்தால் ஆளுக்கு 11, மிச்சம் 1. ஓர் ஆயிரத்தைப் பிரித்தால் ஆளுக்கு 111, அப்போதும் மிச்சம் 1. எந்த நோட்டைக் கொடுத்தாலும் மிச்சம் ஒற்றை ரூபாய்தான். அப்படியானால் மொத்த மிச்சம், நோட்டுகளின் எண்ணிக்கைதான்: 2 + 7 + 7 + 2 = 18 ரூபாய். அதையும் ஆளுக்கு 2 என்று கொடுத்துவிட்டால் கை காலி. இலக்கங்களைக் கூட்டுகிறோம் என்று நாம் சொல்வது உண்மையில் மிச்சங்களைக் கூட்டுவது!

3-க்கும் இதே கதைதான். 9, 99, 999 எல்லாம் 3-ஆலும் வகுபடும். 11-க்கு வந்தால் கதை இன்னும் சுவாரசியமாகிறது. 11 பிள்ளைகளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் ஆளுக்கு ஒன்று கொடுக்க 1 ரூபாய் குறைகிறது. நூறு கொடுத்தால் ஆளுக்கு 9, மிச்சம் 1. ஆயிரம் கொடுத்தால் 11 × 91 = 1001, மறுபடியும் 1 குறைகிறது. குறை, மிச்சம், குறை, மிச்சம் என்று மாறி மாறி வருகிறது. கூட்டிக் கழித்துக் கூட்டிக் கழித்துப் போவது இதனால்தான். 2772-இல் ஆயிரங்களால் 2 குறை, நூறுகளால் 7 மிச்சம், பத்துகளால் 7 குறை, ஒன்றுகளால் 2 மிச்சம். வரவும் செலவும் சரி. பள்ளியில் இந்த விதியைப் படித்தபோது யாரோ காற்றில் இருந்து பிடித்துக்கொண்டு வந்தது போல இருந்தது. இப்படிப் பார்த்தால் நாமே கண்டுபிடித்திருக்கலாம் போலிருக்கிறது.

4, 8 இரண்டும் வேறு ரகம். நூறு 4-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதால் நூறும் அதற்கு மேலே உள்ளவையும் தொந்தரவே இல்லை, கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் போதும். 8-க்கு ஆயிரம்தான் மீதியின்றிப் போகும் என்பதால் கடைசி மூன்று. 772-ஐ 8-ஆல் வகுத்தால் 768 போக 4 மீதி. பாப்பா 8-ஐக் காலியாக விட்டது சரி.

சரி, அட்டவணையில் 7 எங்கே? பெரும்பாலான ஒர்க்‌ஷீட்டுகளில் 6-க்கு அடுத்து 8-க்குத் தாவிவிடுவார்கள், ஏழு என்று ஓர் எண்ணே கிடையாது என்பது போல. 7-க்கு விதி இல்லாமல் இல்லை. இருக்கிறது, கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்தது 1001-ஐ வைத்துச் செய்வது. 1001 = 7 × 11 × 13. மூன்று பகா எண்களைப் பெருக்கினால் இப்படி அழகாக ஆயிரத்து ஒன்று வருவது எனக்கு இன்றும் அதிசயம்! ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. ஆகவே எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். 2,772 என்றால் 772 − 2 = 770. இது 7-ஆல் வகுபடுமா? பார்த்தவுடனே தெரிகிறது, 7 × 110. 11-ஆல்? 11 × 70. 13-ஆல்? 13 × 59 = 767, மீதி 3, வகுபடாது. ஒரே கழித்தலில் மூன்று பகா எண்களின் கணக்கு முடிந்துவிட்டது. இதைக் கண்டதும் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன், வீட்டில் சிரித்தார்கள்.

இனி செடிக்கு வருவோம். பாப்பாவின் தாளில், 'மிகச் சிறிய பகா எண்ணில் தொடங்குக' என்று அச்சிட்டிருந்தது. அழித்ததை மறுபடி வரைந்தபோது அவளும் அப்படியே 2772 = 2 × 1386, 1386 = 2 × 693, 693 = 3 × 231, 231 = 3 × 77, 77 = 7 × 11 என்று இறங்கியிருந்தாள். சரியான விடை. ஆனால் இது செடி மாதிரி இல்லை, ஒரே பக்கமாகச் சாய்ந்த முருங்கைக் கொம்பு மாதிரி இருக்கிறது. அந்த எண்ணை உற்றுப் பாருங்கள். 2772 என்பது 2800-இல் 28 குறைவு. 28 நூறில் ஒரு 28 போனால் 28 × 99. அங்கேயே வெட்டலாமே!

```
        2772
       /    \
     28      99
    /  \    /  \
   4    7  9    11
  / \     / \
 2   2   3   3
```

கீழே கிளைவிடாமல் நிற்கும் இலைகளைப் பொறுக்குங்கள்: 2, 2, 7, 3, 3, 11. வரிசைப்படுத்தினால் 2² × 3² × 7 × 11. பாப்பாவின் சாய்ந்த செடியிலும் இதே ஆறு இலைகள். "இன்னொண்ணு வெட்டலாமா சித்தப்பா?" என்றாள். 42 × 66 என்று தொடங்கினோம். 42 = 6 × 7, 66 = 6 × 11, இரண்டு ஆறும் 2 × 3 ஆகப் பிரிந்தன. மறுபடியும் அதே ஆறு இலைகள். 36 × 77, 44 × 63, 21 × 132, எதில் தொடங்கினாலும் அதேதான்.

எத்தனை விதமாகத் தொடங்கலாம்? இதைச் சொல்லவும் இலைகளே போதும். 2772-இன் ஒரு காரணியை உருவாக்க, 2-ஐ ஒன்றும் எடுக்காமலோ, ஒரு தடவையோ, இரு தடவையோ எடுக்கலாம், மூன்று வழி. 3-க்கும் மூன்று வழி. 7-க்கு இரண்டு, 11-க்கு இரண்டு. 3 × 3 × 2 × 2 = 36 காரணிகள், அதாவது 18 ஜோடிகள். அதில் 1 × 2772 என்ற ஜோடி உதவாது, அப்படிப் பிரித்தால் செடி வளராது, அதே எண் மறுபடி மறுபடி வந்து நிற்கும். மிச்சம் 17 வழிகள். பதினேழு வாசல், உள்ளே ஒரே வீடு!

இங்கே ஒரு சின்ன வழிவிலகல். 2772-ஐவிடச் சிறிய 2520-ஐ எடுத்தால் 2³ × 3² × 5 × 7. காரணிகளின் எண்ணிக்கை 4 × 3 × 2 × 2 = 48. எண் சிறியது, காரணிகள் அதிகம்! 2520-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் லண்டனில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். நம் கும்பகோணத்துக்காரர் உலகத்துக்குக் காட்டிய அந்த விஷயத்தின் வாசற்படி இந்த ஐந்தாம் வகுப்புத் தாளில் இருக்கிறது.

இலைகள் ஏன் மாறுவதில்லை? பாப்பா இதைக் கேட்டபோது, 'அது அப்படித்தான்' என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. ஏனென்றால் அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை! மாறிப்போகும் ஓர் உலகத்தைக் காட்டினால் நம்புவீர்கள். 4-ஆல் வகுத்தால் 1 மீதி தரும் எண்கள் மட்டுமே உள்ள ஓர் ஊரைக் கற்பனை செய்யுங்கள்: 1, 5, 9, 13, 17, 21, 25, 29, 33 என்று போகும். ஜெர்மன் கணித மேதை டேவிட் ஹில்பர்ட்டின் பெயரால் இவற்றை ஹில்பர்ட் எண்கள் என்பார்கள். இவற்றில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் விடை அந்த ஊருக்குள்ளேயே இருக்கும். அங்கே 9-ஐப் பிரிக்க முடியாது, ஏனென்றால் 3 அந்த ஊரில் இல்லை. 21-ஐயும் பிரிக்க முடியாது, 3-உம் இல்லை, 7-உம் இல்லை. 33-ஐயும் 77-ஐயும் அப்படித்தான். இவை நான்கும் அந்த ஊரின் பகா எண்கள்.

இப்போது நம் செடியின் நடுவில் நின்ற 693-ஐ அந்த ஊருக்கு அழைத்துப் போங்கள். 4 × 173 = 692, மீதி 1, ஆகவே அந்த ஊர்க்காரர்தான். அங்கே 693 = 9 × 77. அதே 693 = 21 × 33. இரண்டு செடி, இரண்டும் முடிந்துபோன செடி, இலைகள் வேறு வேறு! பாப்பா வரைந்த செடியிலேயே இந்தப் புகழ்பெற்ற உதாரணம் ஒளிந்துகொண்டிருந்தது எனக்கு லாட்டரி விழுந்தது போல இருந்தது.

நம் ஊரில் ஏன் இப்படி ஆவதில்லை? அந்த ஊரில் 9 என்பது 21 × 33 என்ற பெருக்கலை வகுக்கும், ஆனால் 21-ஐயும் வகுக்காது, 33-ஐயும் வகுக்காது. நம் பகா எண்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கலை வகுத்தால், அந்த இரண்டில் ஒன்றையாவது வகுத்தே தீர வேண்டும். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தன் 'எலிமென்ட்ஸ்' நூலின் ஏழாவது புத்தகத்தில் இதை நிறுவிவைத்தார். இதை வைத்துக்கொண்டு பாருங்கள். முதல் செடியில் 7 ஓர் இலை. இரண்டாவது செடியின் இலைகளைப் பெருக்கினாலும் 2772-தான், அதை 7 வகுக்கும். அப்படியானால் அந்தச் செடியின் ஏதாவது ஓர் இலையை 7 வகுக்க வேண்டும். அந்த இலையோ பகா எண், அதை 7 வகுக்கிறது என்றால் அதுவே 7. இரண்டு செடியிலும் ஆளுக்கு ஒரு 7-ஐக் கிள்ளிப் போடுங்கள். மிஞ்சுவது 396. அடுத்து 11-ஐக் கிள்ளுங்கள், பிறகு 3-ஐ. இப்படியே போனால் இரண்டு செடியும் ஒரே நேரத்தில் மொட்டையாகும். இலைகள் வேறுபட வழியே இல்லை. காஸ் என்ற மேதை 1801-இல் இதை முழுமையாக எழுதி நிறுவினார். இத்தனை பெரிய விஷயத்தை நாம் ஐந்தாம் வகுப்பில் 'விடை சரி' என்று ஒரு டிக்கோடு தாண்டிவிடுகிறோம்.

இந்த இலைகளைக் கையில் வைத்திருந்தால் இன்னொரு குழியில் விழாமலும் தப்பலாம். 2772 என்பது 4-ஆல் வகுபடும், 6-ஆலும் வகுபடும். அப்படியானால் 4 × 6 = 24-ஆல்? பிள்ளைகள் பட்டென்று ஆமாம் என்பார்கள், பல பெரியவர்களும்தான். 24 × 115 = 2760, மீதி 12. வகுபடாது! ஏன் என்று இலைகளைப் பார்த்தால் தெரியும். 24 = 2 × 2 × 2 × 3. அதற்கு மூன்று 2 வேண்டும், நம்மிடம் இருப்பதோ இரண்டுதான். 4-க்கு இரண்டு 2-ஐக் காட்டினோம், 6-க்கும் அந்த இரண்டில் ஒன்றையே திருப்பிக் காட்டினோம். ஒரே ரேஷன் கார்டில் இரண்டு கடையில் சர்க்கரை வாங்கின மாதிரி. 3-உம் 8-உம் வகுத்தால் 24 வகுக்கும் என்பது சரி, ஏனென்றால் அவற்றுக்குள் பொதுவான பகா எண் எதுவும் கிடையாது.

பிள்ளைகளின் செடியில் அதிகம் நடக்கும் தப்பு, செடியைப் பாதியில் நிறுத்துவது. 9-ஐ அப்படியே இலையாக விட்டுவிடுவார்கள், ஒற்றைப்படை எண் என்றாலே பகா எண் என்ற நினைப்பில். இதில் வேடிக்கை என்னவென்றால், இலைகளைப் பெருக்கிச் சரிபார்த்தாலும் இது மாட்டாது. 2 × 2 × 9 × 7 × 11 என்றாலும் 2772-தான் வரும். பெருக்கிப் பார்ப்பது கிளையில் வந்த கணக்குப் பிழையைப் பிடிக்கும், நிறுத்திய இடம் சரியா என்று சொல்லாது. அதற்கு ஒவ்வோர் இலையையும் தனியாக விசாரிக்க வேண்டும். 51, 87, 91 ஆகிய மூன்றும் பகா எண் வேஷம் போட்டுக்கொண்டு திரிகிற ஆட்கள். 51 = 3 × 17, 87 = 3 × 29. இலக்கங்களைக் கூட்டினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். 91 மட்டும் கெட்டிக்காரன், 7 × 13.

எதுவரை விசாரிப்பது? ஒர்க்‌ஷீட்டின் கடைசிக் கேள்வி இதற்கென்றே வைத்தது போல இருந்தது: 221, 223 இவற்றில் எது பகா எண்? ஓர் எண்ணை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதியும் ஒரேயடியாகப் பெரிதாக இருக்க முடியாது. 15 × 15 = 225 ஆகிவிடுகிறது. ஆகவே 221-க்கும் 223-க்கும் காரணி இருந்தால் அதில் ஒன்று 15-க்குக் கீழேதான் இருக்க வேண்டும். 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு பேரைக் கேட்டால் விசாரணை முடிந்தது. 221-ஐ எடுங்கள். ஒற்றைப்படை, 1-இல் முடிகிறது, ஆகவே 2-உம் 5-உம் இல்லை. கூடுதல் 5, ஆகவே 3 இல்லை. 210 போக 11 மிச்சம், 7 இல்லை. 2 − 2 + 1 = 1, ஆகவே 11 இல்லை. 13? 260-இல் 39 குறைந்தால் 221, அதாவது 13 × 17. மாட்டிக்கொண்டது! 223-க்கு அதே ஆறு பேரும் கையை விரித்துவிடுகிறார்கள். அது பகா எண். செடியின் இலைகள் 120-க்குள் இருந்தால் இன்னும் சுலபம், 2, 3, 5, 7 ஆகிய நால்வரே போதும், ஏனென்றால் 11 × 11 = 121.

எண் பெரிதாகப் பெரிதாக இந்த விசாரணை மலையாகிவிடும். 2-ஐ 67 தடவை பெருக்கி 1-ஐக் கழித்தால் 147573952589676412927 என்ற 21 இலக்க எண் வரும். அது பகா எண் இல்லை என்று பிரெஞ்சுக்காரர் லூகா 1876-இலேயே காட்டிவிட்டார். ஆனால் ஒரு காரணியைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கர் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். ஒரு கணிதக் கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று சொல்வார்கள்.

இரண்டே இரண்டு இலை, அதைப் பறிக்க 27 வருஷம்! அந்தப் பெருக்கலை நான் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் பாப்பாவின் 9-ஐ வைத்துத் தட்டிப் பார்த்தேன். முதல் எண்ணின் இலக்கங்களின் கூடுதல் 37, 9-ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டாவதின் கூடுதல் 64, மீதி 1. பெருக்கினால் மீதி 1 வர வேண்டும். 21 இலக்க எண்ணின் கூடுதல் 109, மீதி 1. பொருந்திவிட்டது! இது முழு நிரூபணம் ஆகாது. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தால் 9 கண்டுகொள்ளாது. ஆனாலும் ஒரு பென்சிலும் இரண்டு நிமிஷமும் செலவழித்து 1903-ஆம் வருஷத்து விடையைத் தட்டிப் பார்க்க முடிகிறதே, அந்தச் சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்வது!

மறுநாள் பாப்பா 28 × 99-இல் தொடங்கிய செடியையே வரைந்து கொண்டுபோனாள். விடை சரி, ஆனால் 'சிறிய பகா எண்ணில் தொடங்கவில்லை' என்று அரை மதிப்பெண் போய்விட்டது. கணக்கு ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சிறிய பகா எண்ணில் தொடங்கி இறங்கும் வகுத்தல் முறையைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள், அதற்குத் தனியாகக் கேள்வி வையுங்கள். செடி என்று கேட்டால், பிள்ளை எந்தக் கிளையில் தொடங்கியது என்று பார்க்காதீர்கள். இலைகள் எல்லாம் பகா எண்களா, பெருக்கினால் எண் வருகிறதா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் முழு மதிப்பெண்ணையும் போட்டுவிடுங்கள்.